மக்பெத்தைக் கெடுத்தது யார்? எழுதுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில், ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு ஷேக்ஸ்பியர் கேள்வி கட்டாயம் உண்டு. பல பள்ளிகள் அதற்காக நடத்துவது ‘மக்பெத்’ நாடகம். ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் முதல் தாளுக்கு நேரம் 1 மணி 45 நிமிடம். அதற்குள் ஷேக்ஸ்பியர் பற்றி ஒரு கட்டுரையும், 19ஆம் நூற்றாண்டு நாவல் பற்றி ஒரு கட்டுரையும் எழுதியாக வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கிடைக்கும். நாடகப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. கேள்வித்தாளில் நாடகத்தின் ஒரு சிறு பகுதியை அச்சிட்டுத் தருவார்கள். அதிலிருந்து தொடங்கி முழு நாடகத்தையும் பற்றிப் பேச வேண்டும்.

அந்த ஐம்பது நிமிடத்தில் ஐந்தைத் திட்டத்துக்கு ஒதுக்கச் சொல்லி ஆசிரியர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தாளின் ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. நாலு சொல்லை எழுதி, வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்துவிட்டுப் பழையபடி கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். துன்பியல் நாடகத்தைப் பற்றிய கேள்வியை இதைவிட நன்றாகப் பிரித்தெடுக்கலாம். ஒரு கேள்வியை வைத்தே செய்து பார்ப்போம்.

நாடகத்தை மறந்தவர்களுக்காக இரண்டு வரி. ஸ்காட்லாந்தின் தளபதி மக்பெத்தும் அவன் தோழன் பாங்க்வோவும் போர் முடிந்து திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகளைச் சந்திக்கிறார்கள். மக்பெத் அரசனாவான் என்றும், பாங்க்வோவின் வழிவந்தவர்கள் அரசாள்வார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். மக்பெத் மனைவியின் தூண்டுதலோடு அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். அதைக் காப்பாற்றிக்கொள்ள மேலும் மேலும் கொல்கிறான். கடைசியில் மக்டஃப் என்ற பிரபுவின் கையால் சாகிறான்.

இப்போது கேள்வி. வாரியத்தின் பாணியில் நானே அமைத்தது இது: “இந்தப் பகுதியில் தொடங்கி, மக்பெத்தை சூனியக்காரிகளுக்குப் பலியானவனாக ஷேக்ஸ்பியர் எந்த அளவுக்குக் காட்டுகிறார் என்று ஆராய்க.” கொடுத்திருக்கும் பகுதி முதல் அங்கம், மூன்றாம் காட்சியில் வருவது. காடர் பிரபு பட்டம் மக்பெத்துக்குக் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்து சேர்கிறது. சூனியக்காரிகள் சற்று முன் சொன்னது பலித்துவிட்டது. பாங்க்வோ எச்சரிக்கிறான். மக்பெத் ஒதுங்கி நின்று தனக்குள் பேசிக்கொள்கிறான்.

முதல் நிமிடம் கேள்விக்கே. சூனியக்காரிகள் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்களைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டத் தோன்றும். கேள்வி கேட்பது அதுவல்ல. பலி என்ற சொல்லில்தான் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. மக்பெத் தானாகக் கெடவில்லை, கெடுக்கப்பட்டான் என்பது அந்தக் குற்றச்சாட்டு. துன்பியல் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை உள்ளே இப்படித்தான் இருக்கும். விதியா, குணமா, சூழ்ச்சியா, பிறர் தூண்டுதலா என்று மேலே சொற்கள் மாறும். இந்த மனிதனின் அழிவுக்கு யார் பொறுப்பு என்பதே அடியில் இருக்கும் கேள்வி. அதைக் கண்டுபிடித்து ஓரத்தில் ஒரு வரியாக எழுதிக்கொண்டால் முதல் நிமிடத்தின் வேலையில் பாதி முடிந்தது.

மறுபாதி, “எந்த அளவுக்கு” என்பதை என்ன செய்வது என்பது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். “ஓரளவுக்கு” என்று பதில் எழுதி, சூனியக்காரிகளுக்கு ஒரு பத்தி, மனைவிக்கு ஒரு பத்தி, அவனுடைய பேராசைக்கு ஒரு பத்தி என்று பாகப்பிரிவினை செய்துவிடுகிறார்கள். பங்கு பிரித்தாயிற்று, ஆனால் கட்டுரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. துன்பியல் என்பது ஒரு மனிதன் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு விழும் கதை. முதல் அங்கத்து மக்பெத்தும் ஐந்தாம் அங்கத்து மக்பெத்தும் ஒரே ஆள் அல்ல. அதனால் “எந்த அளவுக்கு” என்ற கேள்வியை “எந்தக் காட்சி வரைக்கும்” என்று மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த இடம் வரை அவனைப் பலியானவன் என்று சொல்லலாம்? எந்த இடத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது? இந்த மாற்றத்தைச் செய்துவிட்டால் பத்திகளின் வரிசை பாதி தானாக வந்துவிடும்.

இரண்டாம் நிமிடத்தில் நாடகத்தின் தருணங்களைப் பொறுக்க வேண்டும். புத்தகம் கையில் இல்லாததால் மேற்கோள்களை முதலில் தேடக் கூடாது. மேற்கோள் நினைவுக்கு வராமல் போகலாம், ஆனால் காட்சி மறக்காது. காட்சியைப் பிடித்துக்கொண்டால் அதிலிருந்து இரண்டு மூன்று சொற்களாவது பின்னால் வரும். கண்ணை மூடிக்கொண்டு நாடகம் முழுவதையும் ஓட்டவும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு இரண்டே சோதனைகள் போதும். யார் யாரைத் தேடிப் போகிறார்கள்? கொலை என்ற எண்ணம் யாரிடமிருந்து வருகிறது?

இந்த இரண்டோடு நாடகத்தைத் தட்டிப் பார்த்தால் என்னவெல்லாம் விழுகிறது! நாடகத்தின் முதல் காட்சியிலேயே, மக்பெத் மேடைக்கு வருவதற்கு முன்பே, அவனைச் சந்திப்பதென்று சூனியக்காரிகள் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் தேடி வருபவர்கள் அவர்கள்தான். அதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. மக்பெத் மேடையில் முதன்முதலாகப் பேசும் வரி, சூனியக்காரிகள் முதல் காட்சியில் சொல்லிப் போன சொற்களின் எதிரொலி. அவர்களை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. அதற்குள் அவர்கள் சொல் அவன் நாவில் ஏறிவிட்டது. பலி என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று நாடகத்தில் இல்லை என்பேன்.

ஆனால் இரண்டாம் சோதனையை வைத்தால் கதை மாறுகிறது. சூனியக்காரிகள் சொன்னது அரச பதவியைப் பற்றித்தான். டங்கனைப் பற்றியோ கத்தியைப் பற்றியோ அவர்கள் மூச்சுவிடவில்லை. கொடுத்திருக்கும் பகுதியில் கொலை என்ற எண்ணத்தை முதலில் உச்சரிப்பவன் மக்பெத், அதுவும் தனக்குள். அந்த எண்ணம் தந்த பயத்தில் மயிர்க்கூச்செறிகிறான். அடுத்த சில வரிகளிலேயே, தான் எதுவும் செய்யாமல் தானாக நடப்பது நடக்கட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். பக்கத்தில் நிற்கும் பாங்க்வோவும் அதே சூனியக்காரிகள் வாயால் தன் வம்சத்தைப் பற்றி நல்வாக்குக் கேட்டவன். அவன் யாரையும் கொல்லக் கிளம்பவில்லை.

பிறகு முதல் அங்கம், ஏழாம் காட்சி. டங்கன் உறவினன், விருந்தாளி, நல்ல அரசன் என்றெல்லாம் தனியே நினைத்துப் பார்த்து, இதற்கு மேல் வேண்டாம் என்று மனைவியிடமே சொல்லிவிடுகிறான். அவள் அவனுடைய ஆண்மையைக் கேள்வி கேட்கிறாள், அவன் மாறுகிறான். சூனியக்காரிகள் அந்தக் காட்சியின் பக்கமே இல்லை. மூன்றாம் அங்கத்தில் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அமர்த்தும்போது மனைவியும் இல்லை. திட்டத்தை அவளிடம் சொல்லாமலே மறைக்கிறான். நான்காம் அங்கத்தில் முதல் சோதனையின் விடை தலைகீழாகிறது. இந்த முறை தேடிப் போகிறவன் மக்பெத். அவர்கள் காட்டும் உருவங்கள் மக்டஃபிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கின்றன. மக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பியோடிய செய்தி உடனே வருகிறது. மக்பெத் என்ன செய்கிறான்? ஊரில் இல்லாத மனிதனின் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்ல ஆளனுப்புகிறான். எந்த ஆரூடமும் அதைக் கேட்கவில்லை.

மூன்றாம் நிமிடத்தில் பதிலை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். “சூனியக்காரிகளும் காரணம், மக்பெத்தும் காரணம்” என்பது பதிலே அல்ல. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கக்கூடிய வாக்கியம் வேண்டும். நான் எழுதுவது இப்படி இருக்கும்: தொடக்கத்தில் மக்பெத் குறிவைக்கப்பட்டவன்தான். ஆனால் டங்கனைக் கொல்லும் முடிவு சூனியக்காரிகள் இல்லாத இடத்தில் எடுக்கப்படுகிறது. அரசனான பிறகு அவனே அவர்களைத் தேடிப் போகிறான். ஆகவே கடைசியில் அவன் ஏமாறுவதுகூட அவனாகத் தேடிக்கொண்டது. மூச்சு முட்டும் நீளம்தான். கட்டுரைக்குள் போகும்போது இதைச் செதுக்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு “ஆனால்”, “ஆகவே” என்ற இரண்டு சொற்களும் அதில் இருப்பதுதான் முக்கியம். அவை இருந்தால் பத்திகளுக்கு நடுவே மூட்டுகள் கிடைத்துவிட்டன என்று பொருள்.

நான்காம் நிமிடத்தில் பத்தி வரைபடம். ஒரு பத்திக்கு ஒரு வரி. வரியில் தலைப்பு கூடாது. ஒரு கருத்து முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு காட்சி, ஒரு சொல் அல்லது நாடக உத்தி. தாளின் ஓரத்தில் இவ்வளவுதான் இருக்கும்:

1. அவனைக் குறிவைத்துத்தான் வருகிறார்கள். (பகுதி: பட்டம் வந்த செய்தி, முதல் வரியின் எதிரொலி, அரசன் ஜேம்ஸ்)

2. ஆனால் கொலையை அவர்கள் சொல்லவில்லை, அவன் மனம் சொல்கிறது. (பகுதி: தனிப்பேச்சு, பாங்க்வோ, ஹாலின்ஷெட்)

3. அந்த எண்ணத்தையும் அவனால் விட முடிந்தது. விட்டுவிட்டுத் திரும்ப எடுக்கிறான். (1.7)

4. அதன் பிறகு அவனுக்குத் தூண்ட ஆளே வேண்டாம். தூண்டுபவர்களை அவனே தேடுகிறான். (3.2, 4.1, மக்டஃப் குடும்பம்)

5. ஏமாந்தது உண்மை, ஆனால் தெரிந்த பிறகும் வாளைப் போடவில்லை. (5.8)

கேள்வித்தாளில் கொடுத்த பகுதி இரண்டாகப் பிரிந்து முதல் இரண்டு பத்திகளுக்குப் போயிருப்பதைப் பாருங்கள். பட்டம் வந்த செய்தி பலி என்ற வாதத்துக்குத் துணை நிற்கிறது; தனிப்பேச்சு அதே வாதத்தை அறுக்கிறது. பகுதி முழுவதையும் முதல் பத்தியில் கொட்டித் தீர்ப்பவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பகுதியிடம் திரும்பி வர வழியும் இருப்பதில்லை.

வரலாறு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தக் கேள்விக்கு மொத்தம் 34 மதிப்பெண். வாதத்துக்கு 12, மொழியும் நாடக உத்தியும் அலசுவதற்கு 12, காலச்சூழலுக்கு 6, எழுத்துப்பிழை இல்லாத நடைக்கு 4. ஆறு மதிப்பெண்ணுக்காக ஒரு முழுப் பத்தி வரலாறு எழுதுவது நட்டக் கணக்கு. அந்தப் பத்தி எந்தக் கருத்தையும் தாங்காது, கட்டுரையின் நடுவில் தனித்தீவாக நிற்கும். நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அப்போது அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்தை மட்டும் ஆண்ட காலத்தில், 1597இல், சூனியத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். அந்தக் காலப் பார்வையாளர்களில் பலருக்குச் சூனியம் நிஜமான ஆபத்து. இது முதல் பத்தியின் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது, அதனால் அங்கே ஒரு வாக்கியம். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில், டங்கன் கொலைக்குப் பாங்க்வோவும் உடந்தை. ஷேக்ஸ்பியர் அவனைக் கறை இல்லாதவனாக்கிவிட்டார். பாங்க்வோவைத் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொண்ட பரம்பரையில் வந்த ஜேம்ஸ் இதில் மகிழ்ந்திருப்பார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதே ஆரூடத்தைக் கேட்டும் கொல்லாத ஒருவனை மக்பெத்தின் பக்கத்தில் நிறுத்திக் காட்ட ஆசிரியருக்கு இந்த மாற்றம் தேவைப்பட்டது. இது இரண்டாம் பத்திக்கு உரியது. வரலாறு இப்படி ஒரு கருத்தோடு ஒட்டி வரும்போதுதான் அதற்கு மதிப்பெண் விழும்.

ஐந்தாம் நிமிடம் சரிபார்ப்புக்கு. முதலில் வரைபடத்தின் ஐந்து வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படிக்க வேண்டும். ஒரு வாதம் கேட்கிறதா? அடுத்து இரண்டாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் மனதுக்குள் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மேலே உள்ள வரைபடத்தில் அப்படி மாற்றினால் எல்லாம் குலைந்துவிடும். “அதன் பிறகு” என்பதற்குப் பொருளே இருக்காது. குலைவது நல்ல அறிகுறி. சூனியக்காரிகள், மனைவி, பேராசை என்று போட்ட வரைபடத்தை எப்படிக் கலைத்தாலும் ஒன்றும் ஆகாது. சீட்டுக்கட்டைப் போலக் கலைக்க முடிந்தால் அது பட்டியல்.

பிறகு ஏதாவது ஒன்றை அடிக்க வேண்டும். எனக்கென்றால் ஹெகெட்டின் காட்சிதான். சூனியக்காரிகளின் தலைவியான ஹெகெட், மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியில் மக்பெத்தை அழிவுக்கு இழுக்கப் போவதாக வெளிப்படையாகவே சொல்கிறாள். பலி என்ற வாதத்துக்குக் கையில் கிடைத்த பழம்போலத் தோன்றும். ஆனால் அந்தக் காட்சி பின்னால் வேறொருவர், பெரும்பாலும் தாமஸ் மிடில்டன், சேர்த்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தால் இந்தச் சிக்கலை விளக்கவே நாலு வாக்கியம் போய்விடும். அவ்வளவு இடம் கொடுத்தும் முதல் பத்தி ஏற்கெனவே சொன்னதையே அது திருப்பிச் சொல்லும்.

வரைபடத்திலிருந்து பத்தி எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். இரண்டாம் வரியை எடுத்துக்கொள்வோம். “ஆனால் சூனியக்காரிகளின் வாக்கில் கொலை இல்லை. பட்டம் வந்த செய்தியைக் கேட்டதும் கொலையின் உருவம் மக்பெத்தின் சொந்தக் கற்பனையில்தான் எழுகிறது. அதை ஷேக்ஸ்பியர் உரையாடலில் வைக்காமல், மற்றவர்கள் காதில் விழாத தனிப்பேச்சில் வைக்கிறார். மேடையில் பாங்க்வோ சில அடி தூரத்தில் நிற்கிறான். அவனுக்குக் கேட்காததைப் பார்வையாளர் கேட்கிறார்கள். அந்த எண்ணம் எங்கே பிறந்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்க வழியில்லை.” முதல் வாக்கியம் வரைபடத்தின் வரியேதான். எடுத்ததும் கருத்து வந்துவிட்டதால், அடுத்து வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதை நிரூபிப்பதே வேலையாகிறது. கேள்வி “ஷேக்ஸ்பியர் காட்டுகிறார்” என்று கேட்டது. அதனால்தான் தனிப்பேச்சு என்ற உத்தி உள்ளே வந்தது. மக்பெத்தை ஏதோ நம் தெருவில் கொலை செய்துவிட்டுப் பிடிபட்டவனைப் போல விசாரிப்பவர்கள், அவனை இப்படிப் பேச வைத்த ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்பதையே மறந்துவிடுகிறார்கள். மொழிக்கான 12 மதிப்பெண்ணில் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. திட்டம் போட்டவர்களுக்கும் நேரம் போதாமல் போகும். முப்பத்தைந்தாம் நிமிடத்தில் மூன்றாம் பத்தியிலேயே நின்றுகொண்டிருந்தால் எதை விடுவது? பலரும் வரிசைப்படி போய்க் கடைசியை விடுவார்கள், அல்லது எல்லாவற்றையும் இரண்டிரண்டு வரியாகச் சுருக்குவார்கள். இரண்டும் வேண்டாம். மூன்றாம் பத்தியை அந்த இடத்திலேயே முடித்துவிட்டு நேராக நான்குக்குப் போக வேண்டும். வாதம் திரும்பும் இடம் அது. மக்டஃப் குடும்பத்தின் கொலை இல்லாமல் இந்தக் கட்டுரைக்கு உயிர் இல்லை. ஐந்தாம் பத்தியை முடிவுரைக்குள் ஒரே வாக்கியமாக மடித்துவிடலாம். சிசேரியன் போலத் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் மக்டஃப் என்று தெரிந்ததும், தான் ஏமாற்றப்பட்டதை மக்பெத் உணர்ந்து சபிக்கிறான். முதலில் சண்டையிட மறுத்தாலும் பணிய மனமில்லாமல் கடைசியில் போரிட்டே சாகிறான். முடிவுரைக்கு அது போதும்.

இன்னொன்று. இந்த வரைபடத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போகலாமே என்று கேட்பார்கள். தருணங்களை மனப்பாடம் செய்யலாம், வரிசையைச் செய்யக் கூடாது. கேள்வி லேடி மக்பெத்தின் அதிகாரத்தைப் பற்றி வந்தால் அதே காட்சிகள்தான் உதவும். ஆனால் “எந்தக் காட்சி வரைக்கும்” என்ற கோடு வேறு இடத்தில் விழும். ஏழாம் காட்சியில் கணவனைத் திருப்பும் அளவுக்குப் பலம் படைத்தவள், மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் அவனுடைய திட்டம் என்னவென்றே தெரியாமல் நிற்கிறாள். அந்தக் கட்டுரையில் பாங்க்வோ தன் வம்சத்தைப் பற்றி என்ன கேட்டான் என்பதற்கு வேலையே இல்லை. பாங்க்வோவின் கொலை அவளிடமிருந்து மறைக்கப்பட்டது என்பது மட்டும் இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியமாக வந்து உட்காரும்.